எண்பது ஆண்டுக் குடும்பக் கதையை ஐந்து ஆண்டுகளில் சொல்வது

ஒரே வீட்டின் மூன்று நான்கு தலைமுறைகளைத் தொடர்ந்து செல்லும் கதையைக் குடும்பக் கதை என்கிறோம். அதில் எல்லா ஆண்டுகளையும் எழுத முடியாது. எழுதினாலும் படிக்க ஆள் இருக்காது. ஆகவே கதை ஓர் ஆண்டில் நிற்கும். பத்து, பதினைந்து ஆண்டுகளை விட்டுவிட்டு இன்னோர் ஆண்டில் மறுபடியும் தொடங்கும். இதுதான் காலத் தாண்டல். புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் தாண்டி வந்து சேரும் இடத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ‘பதினைந்து ஆண்டுகள் கழித்து’ என்று தொடங்கலாமா, அத்தியாயத்தின் தலையில் ஆண்டைப் போட்டால் போதுமா என்று கேட்கிறார்கள். ஆனால் வேலையின் பெரும்பகுதி அதற்கு முந்தைய பக்கத்தில் நடக்கிறது. எந்தக் கணக்கைத் தீர்க்காமல் நிறுத்தினோம் என்பதைப் பொறுத்தே வாசகர் அடுத்த பக்கத்தைத் திருப்புவார்.

இதை ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். இடம் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். வலிகாமத்தின் தோட்டங்களிலிருந்து புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் வாழைக்குலையும் வந்து சேரும் சந்தை, காங்கேசன்துறைப் பாதையில் ஒரு ரயில் நிலையம், சந்தையைச் சுற்றிக் கடைகள். இப்படிப்பட்ட சிறிய வணிக ஊர் குடும்பக் கதைக்கு நன்றாகப் பொருந்தும். வெளியே எங்கோ நடக்கும் மாற்றம் இங்கே கடையின் வரவு செலவில் வந்து விழுந்துவிடும். அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

வேலுப்பிள்ளை 1898இல் பிறந்தவர், புகையிலை வியாபாரி. 1936இல் சந்தைக்கு எதிரே ஒரு கடைக் கட்டடத்தை வாங்குகிறார். மகன் நடராசாவுக்கு அப்போது பத்து வயது, மகள் பரமேஸ்வரிக்கு நான்கு. நடராசாவின் மகன் சிவகுமார் 1957இலும், பரமேஸ்வரியின் மகள் வசந்தி 1960இலும், சிவகுமாரின் மகள் தர்சினி 1987இலும் பிறக்கிறார்கள். கதையை 1936, 1958, 1973, 1995, 2015 என்ற ஐந்து ஆண்டுகளில் மட்டும் சொல்லப்போகிறோம்.

ஏன் இந்த ஐந்து? யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதுபவர் முதலில் நாட்காட்டியைத் திறப்பார். 1956, 1958, 1977, 1981, 1983, 1987, 1990, 1995, 2009 என்று ஆண்டுகள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றையும் எடுத்தால் அது வரலாற்றுச் சுருக்கம் ஆகிவிடும். குடும்பம் அதற்குச் சாட்சி சொல்ல வந்த கூட்டமாகச் சுருங்கிப்போகும். நான் வேறொரு கேள்வியைக் கேட்பேன்: அந்தக் கடை யாருடையது என்ற கேள்விக்கான விடை எந்த ஆண்டுகளில் மாறுகிறது? அந்த ஆண்டுகளில் மட்டும் கதை நிற்கட்டும்.

யாழ்ப்பாணக் குடும்பத்தில் இந்தக் கேள்விக்குத் தெளிவான சட்ட வடிவம் இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையில் சொத்து மூன்று வகை. முன்னோரிடமிருந்து வருவது முதுசம். மணமாகிப் போகும் மகளுக்கு எழுதிக் கொடுப்பது சீதனம். திருமண வாழ்வின்போது தேடிக்கொள்வது தேடியதேட்டம். அதில் மனைவிக்கும் பங்கு உண்டு. வேலுப்பிள்ளை 1936இல் வாங்கிய கட்டடம் தேடியதேட்டம். மகளுக்கு எழுதினால் அது சீதனம். அவள் பிள்ளைகளின் கைக்குப் போகும்போது அவர்களுக்கு அது முதுசம். ஒரே கட்டடம் மூன்று தலைமுறையில் மூன்று வகையாக மாறுகிறது. கதையின் முதுகெலும்பு இங்கேயே கிடைத்துவிடுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நொத்தாரிசும் ஓர் உறுதியும் ஒரு கையெழுத்தும் தேவைப்படும் என்பதால் அவை எல்லாமே காட்சியாக எழுதக்கூடியவை.

இனி 1958இலிருந்து 1973க்குப் போகும் தாண்டலை முழுதாகச் செய்து பார்ப்போம்.

யாழ்ப்பாணப் புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குப் பெருமளவில் போனது. அந்த வியாபாரம் சுருங்கிய பிறகு, தென்னிலங்கை ஊர்களில் யாழ்ப்பாணத்தவர் நடத்திய சுருட்டுக் கடைகள் புகையிலைக்கு முக்கியமான சந்தையாக இருந்தன. வேலுப்பிள்ளையும் மகன் நடராசாவைக் காலியில் ஒரு சுருட்டுக் கடை போட்டு அமர்த்துகிறார். மகனுக்கு ஒரு வழி செய்துவிட்டோம் என்ற துணிவில், 1958 தொடக்கத்தில் மகளின் கல்யாணப் பேச்சில் சுன்னாகக் கடையைச் சீதனமாகத் தருவதாக வாக்குக் கொடுக்கிறார். மே மாதம் கலவரம் வருகிறது. காலிக் கடை போய்விடுகிறது. நடராசா மனைவியோடும் ஒரு வயது சிவகுமாரோடும் கொழும்பில் கப்பலேறி வடக்கே வந்து சேர்கிறார். உடுத்த துணியைத் தவிர அவரிடம் எதுவும் இல்லை. தந்தை இப்போது வாக்கைக் காப்பாற்றினால் மகன் தெருவில் நிற்பான். மகனைக் காப்பாற்றினால் மகளின் கல்யாணம் நிற்கும்.

1958ஆம் ஆண்டு அத்தியாயம் எங்கே முடிய வேண்டும்? தந்தை முடிவெடுத்து, உறுதியில் கையெழுத்து வைத்து, மகள் அழுது, மகன் தலைகுனிந்த பிறகு முடிக்கவே எவருக்கும் கை போகும். அப்படி முடித்தால் வாசகருக்குத் தாண்ட வேண்டிய தேவை இல்லாமல் போகிறது, கதை முடிந்துவிட்டது. கையெழுத்துக்கு முன்னால் நிறுத்துங்கள்:

“வேலுப்பிள்ளை கணக்குப் புத்தகத்தை மூடினார். ‘திங்கட்கிழமை நொத்தாரிசு வருவார்’ என்றார். யாருக்காக வருகிறார் என்று யாரும் கேட்கவில்லை. நடராசா எழுந்து போய்க் கடையின் கடைசிப் பலகையைச் செருகினார்.”

அடுத்த அத்தியாயம் 1973இல் திறக்கிறது. பலர் இப்படித் தொடங்குவார்கள்: “பதினைந்து ஆண்டுகள் உருண்டோடின. வேலுப்பிள்ளை 1966இல் காலமாகியிருந்தார். கடை பரமேஸ்வரியின் பெயரில் எழுதப்பட்டிருந்தது. நடராசா அதை வாடகைக்கு எடுத்திருந்தார். இறக்குமதித் தடையால் வெங்காய விலை உயர்ந்திருந்தது.” இதில் ஒரு தகவலும் பிழையில்லை. ஆனால் வாசகர் பதினைந்து ஆண்டு காத்திருந்த விடையை நாமே கையில் திணித்துவிட்டோம். அவர் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. இதோ இன்னொரு வழி:

“மாதம் பிறந்தால் முதல் வேலை அதுதான். நடராசா லாச்சியிலிருந்து நான்கு பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து உறையில் போட்டு, சிவகுமாரிடம் நீட்டினார். ‘மாமியிடம் கொடு. எண்ணிப் பார்க்கச் சொல்.’ மாமி ஒருநாளும் எண்ணியதில்லை. சிவகுமார் சைக்கிளை எடுப்பதற்குள் வாசலில் மூன்று வண்டி வெங்காயம் வந்து நின்றுவிட்டது. புதிதாக வாங்கிய மேடைத் தராசில் மூட்டைகளை ஏற்றத் தொடங்கினார்கள்.”

ஆண்டைக்கூடச் சொல்லாமல் இந்தச் சிறிய பத்தி எவ்வளவு சொல்கிறது என்று பாருங்கள். உறை சகோதரி வீட்டுக்குப் போகிறது என்றால் திங்கட்கிழமை வந்த நொத்தாரிசு யாருக்காக வந்தார் என்பது தெரிந்துவிட்டது. தந்தை வாக்கைக் காப்பாற்றினார். அண்ணன் தங்கையின் வாடகையாளர் ஆனார். கைக்குழந்தை சைக்கிள் ஓட்டும் வயதுக்கு வந்துவிட்டான். கடை புகையிலையை விட்டு வெங்காயத்துக்கு மாறியிருக்கிறது. நாற்பது ரூபாய் 1958இல் தந்தை தீர்மானித்த தொகை என்பதைப் பின்னால் ஒரு வரியில் சொன்னால் போதும்; மூன்று வண்டி வெங்காயத்துக்குப் பக்கத்தில் அந்த மாறாத நாற்பது ரூபாய் அடுத்த சண்டைக்கான விதையாகக் கிடக்கும்.

அந்தச் சண்டைக்குக் காலமும் துணை நிற்கிறது. 1970க்குப் பிந்தைய அரசு வெங்காயம், மிளகாய் போன்றவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் யாழ்ப்பாணத் தோட்டக்காரர்களுக்கும் அவர்களிடம் வாங்கி விற்றவர்களுக்கும் நல்ல காலம் வந்தது. 1972இல் வந்த வாடகைச் சட்டமோ வாடகையாளரை வெளியேற்றுவதைக் கடினமாக்கியது. பரமேஸ்வரிக்குக் கட்டடம் சொந்தம், ஆனால் அண்ணனை எழுப்ப முடியாது. விற்கலாம் என்றால் தேசவழமைப்படி மணமான பெண் நிலபுலனை விற்கக் கணவனின் சம்மதமும் வேண்டும். சட்டத்தின் பெயரை எந்தப் பாத்திரமும் உச்சரிக்க வேண்டியதில்லை. பரமேஸ்வரியின் கணவர் ஒருநாள் “உன் அண்ணன் எழும்ப மாட்டார், எழுப்பவும் முடியாது” என்று சொன்னால் போதுமானது.

வந்து சேரும் பத்தியில் காலத்தைக் காட்ட என்ன பொருளைத் தேர்ந்தெடுப்பது? அந்தக் கடையில் எல்லாக் காலத்திலும் இருக்கும் ஒன்றை, அது மாறும் விதத்தோடு எடுங்கள். நான் தராசை எடுத்தேன். 1936இல் தொங்கு தராசும் இறாத்தல் படிகளும். 1973இல் அந்தர் கணக்கில் மூட்டைகளை நிறுக்க மேடைத் தராசு. தோட்டக்காரர் அந்தரில்தான் பேசுவார். 1995இல் அந்தப் பெரிய தராசு மூலையில் நிற்கிறது. பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் விற்கிறது, சவர்க்காரம் கிடைத்தாலே பெரிய காரியம், நிறுக்க எதுவும் இல்லை. 2015இல் மின்தராசு. வாசகர் தராசைப் பார்த்தவுடன் எந்தக் காலத்தில் நிற்கிறோம் என்று அறிந்துகொள்வார்.

ஒரு பொருள் போதும். தொடக்க எழுத்தாளர்கள் வந்து சேரும் பத்தியில் வானொலிப் பெட்டி, கார், சேலை, சினிமாப் பாட்டு, அமைச்சரின் பெயர் எல்லாவற்றையும் அடுக்குவார்கள். அப்போது பத்தி அருங்காட்சியகம்போல் ஆகிவிடும். அந்தக் காலத்தில் வாழ்பவர்களுக்கு அவை கண்ணிலேயே படுவதில்லை என்பதை மறக்கக் கூடாது. 1973இல் நடராசா தராசைக் கவனிப்பதற்குக் காரணம் உண்டு: அது புதிது, கடன் வாங்கி வாங்கியது.

தாண்டிய ஆண்டுகளில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டிய இடமும் வரும். வேலுப்பிள்ளையின் சாவு அப்படிப்பட்டது. இங்கே நம் மொழியின் வினைமுற்று ஒரு தொல்லை தரும். ‘இறந்திருந்தார், எழுதியிருந்தார், வந்திருந்தார், எடுத்திருந்தார்’ என்று ‘இருந்தார்’ வரிசையாக வரத் தொடங்கினால் நடை நொண்டும்; எல்லாம் தூரத்தில் நடந்ததுபோல் மங்கிவிடும். முதல் வாக்கியத்தில் ஒருமுறை மட்டும் அந்த வடிவத்தைப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டு, அடுத்த வாக்கியத்திலிருந்து சாதாரண இறந்தகாலத்துக்கு வந்துவிடுங்கள். “ஐயா இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று காலை அவர் வழக்கம்போலக் கடைக்கு வந்தார். பலகையைக் கழற்றினார். கல்லாவில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.” பின்பு நிகழ்காலக் காட்சிக்குத் திரும்ப, அந்தக் காட்சியிலிருந்த ஒரு செயலைத் தொடர வையுங்கள்: தராசில் அடுத்த மூட்டை ஏறட்டும். வாசகர் தானாகவே திரும்பிவிடுவார். இந்தப் பின்னோக்கல் பத்து வரியைத் தாண்டினால் எனக்குச் சந்தேகம் வரும். அது அவ்வளவு முக்கியமென்றால் அந்த ஆண்டைத் தாண்டியதே தவறான தேர்வு. அதற்கு ஓர் அத்தியாயம் கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்தது பெயர்கள். தலைமுறைக் கதையில் வாசகர் வழி தவறுவது பெரும்பாலும் ஆண்டுகளில் இல்லை, ஆட்களில். 1936இல் தாய் ‘தம்பி’ என்று கூப்பிட்ட நடராசா 1958இல் பரமேஸ்வரிக்கு ‘அண்ணை’. 1973இல் வசந்திக்கு ‘மாமா’. 1995இல் தர்சினிக்கு ‘அப்பப்பா’. ஒரே ஆள்தான். அத்தியாயம் யாருடைய கண்ணால் பார்க்கிறதோ அவரைப் பொறுத்து விளிப்பு மாறும். இந்த மாற்றத்தை நன்றாகப் பயன்படுத்தலாம்: தர்சினி ‘அப்பப்பா’ என்று கூப்பிடும் ஒரே சொல்லில் இருபத்திரண்டு ஆண்டுகள் தாண்டப்பட்டுவிடுகின்றன. ஆனால் அதற்கு அடுத்த வரியிலேயே கதைசொல்லி ‘நடராசா’ என்ற பெயரைப் போட வேண்டும். உரையாடலில் உறவுமுறை, விவரிப்பில் பெயர் என்ற ஒழுங்கைக் கடைசிவரை மீறாமல் வைத்திருங்கள்.

நம்முடைய பெயரிடும் முறையும் உதவும். நடராசா எங்கே கையெழுத்து வைத்தாலும் வேலுப்பிள்ளை நடராசா. மகன் நடராசா சிவகுமார். ரசீதிலோ உறுதியிலோ ஒரு முழுப் பெயர் வந்தால் அதுவே வம்சவரிசையைச் சொல்லிவிடும். பெயர்களும் காலத்துக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். 1898இல் பிறந்தவருக்குச் சிவகுமார் என்று பெயர் வைத்தால் யாழ்ப்பாண வாசகர் முதல் பக்கத்திலேயே புத்தகத்தின் மேல் நம்பிக்கை இழப்பார். தர்சினியின் தலைமுறையில் ஒரு வேலுப்பிள்ளை இருந்தாலும் அப்படித்தான்.

எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். மேலே ஐந்து ஆண்டுகள், பக்கவாட்டில் ஆட்கள், கட்டத்துக்குள் வயது. 1995 நிரலை நிரப்பிப் பார்த்தால் நடராசாவுக்கு 69, பரமேஸ்வரிக்கு 63, சிவகுமாருக்கு 38, தர்சினிக்கு 8. இதைப் போட்டவுடனேயே அந்த அத்தியாயத்தின் உடல்நிலை தெரிந்துவிடுகிறது. அக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும் கூட்டத்தில், 69 வயதுக்காரரை எப்படிக் கொண்டுபோவது? சைக்கிள் ஒன்றுதான் என்றால் அதில் ஏறப்போவது தர்சினியா, பரமேஸ்வரியா? நாடகமெல்லாம் அந்த எண்களிலேயே இருக்கிறது. ஒருவரின் பெயருக்கு நேரே 97 என்றோ, தாய்க்கும் மகளுக்கும் பத்து வயது வித்தியாசம் என்றோ வந்தால் அதுவும் கட்டத்திலேயே பிடிபடும். பக்கம் 200இல் பிடிபட்டால் பாதிக் கதையைத் திருத்த வேண்டியிருக்கும்.

இப்போது 1973க்கும் 1995க்கும் இடையிலான தாண்டலுக்கு வருவோம். இதுதான் கடினமானது. இருபத்திரண்டு ஆண்டுகள், அவற்றுக்குள் 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து வெங்காய, மிளகாய் விலைகள் சரிந்தன, 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, 1983 நடந்தது, 1987இல் இந்திய இராணுவம் வந்தது, 1990இல் ரயில் நின்றது. இவ்வளவையும் தாண்டுவது மனசாட்சியை உறுத்தும். குறிப்பாக 1983ஐ எழுதாமல் விடுவதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் காரணம் இது: இந்தக் குடும்பத்தில் 1958ஐ நாம் முழுக் காட்சியாக எழுதிவிட்டோம். 26 வயது சிவகுமார் 1983இல் கொழும்பில் வேலையில் இருந்து, எல்லாம் இழந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்குகிறான் என்று வைத்தால், அந்தக் காட்சியின் எடை வாசகரிடம் ஏற்கெனவே இருக்கிறது. 1995இல் நடராசா மகனைப் பார்த்து, “நீயும் அந்தக் கப்பலில்தானே வந்தாய்” என்று ஒருமுறை சொல்லட்டும். ஒரே மாதிரியான இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து எழுதியிருந்தால் இரண்டுமே பலமிழந்திருக்கும்.

இந்தத் தாண்டலுக்கும் தீர்க்காத கணக்கு ஒன்று வேண்டும். சிவகுமாரும் வசந்தியும் முறை மச்சான், மச்சாள். அவர்கள் கல்யாணம் செய்துகொண்டால் கடை வழக்கே இல்லாமல் தீர்ந்துவிடும் என்று 1973 அத்தியாயத்தில் வீடு முழுவதும் நம்புகிறது. சிவகுமாருக்கு 16, வசந்திக்கு 13. பேச்சை யாரும் வெளியே எடுக்கவில்லை, ஆனால் வாடகையைக் கூட்டிக் கேட்காமல் பரமேஸ்வரி பொறுத்துக்கொள்வது அதற்காகத்தான். அந்த நம்பிக்கையோடு அத்தியாயம் நிற்கட்டும்.

1995 திறக்கும்போது சிவகுமாரின் மகளுக்கு எட்டு வயது. ‘உன் அம்மா எங்கே’ என்று யாரோ கேட்க, அவள் சொல்லும் பெயர் வசந்தி இல்லை. வசந்தி எண்பதுகளின் நடுவில் கனடாவுக்குப் போய்விட்டாள் என்பது பரமேஸ்வரியின் கையிலுள்ள கடிதத்திலிருந்து தெரிகிறது. வாசகருக்கு விடை கிடைத்தது. உடனே புதிய கேள்வியும் வந்துவிட்டது. ஊரை விட்டு எல்லாரும் புறப்படும் அந்த இரவில் நடராசா கடையைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகுகிறார். பரமேஸ்வரி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொள்கிறார். திறப்பு ஒருவரிடம், உறுதி இன்னொருவரிடம். இருவரும் ஒரே பாலத்தைக் கடக்கிறார்கள். அங்கே நிறுத்தலாம். தென்மராட்சியில் அவர்கள் பட்ட பாட்டையும், 1996 வசந்தத்தில் திரும்பியபோது கடை இருந்த கோலத்தையும் எழுதும் ஆசை வரும். அவை முக்கியமானவைதான். ஆனால் நம் கேள்வி கடை யாருடையது என்பது. அதற்கு அந்த மாதங்கள் புதிய விடை தரவில்லை. இடப்பெயர்வையே மையமாகக் கொண்ட கதை என்றால் இந்தத் தேர்வு தலைகீழாகும். அப்போது 1973ஐ விட்டுவிட்டு அந்த ஆறு மாதங்களை எழுதுவேன்.

கடைசி அத்தியாயம் 2015. அந்த ஆண்டு ஜனவரியில் காங்கேசன்துறைவரை ரயில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. சுன்னாக நிலையத்தில் இறங்க முடிகிறது. நடராசாவும் பரமேஸ்வரியும் இல்லை. இருபத்தெட்டு வயது தர்சினி கடையில் இருக்கிறாள். 55 வயதுப் பெண் ஒருத்தி ரயிலில் வந்து இறங்கிக் கடைவாசலில் நிற்கிறாள். தர்சினிக்கு அவளைத் தெரியாது. அரைக் கிலோ வெங்காயம் நிறுத்துக் கொடுக்கிறாள். வந்தவளின் கைப்பையில் என்ன இருக்கிறது என்று வாசகருக்குத் தெரியும். இங்கே ஒரு விளக்க வாக்கியமும் தேவையில்லை. இருபது ஆண்டுகளை நிரப்பும் வேலையை, 1995இல் நாம் பிரித்து வைத்த அந்த இரண்டு பொருள்களே செய்துவிடுகின்றன.

எழுதி முடித்த பிறகு தாண்டல்கள் சரியா என்று பார்க்க ஒரு சோதனை செய்யுங்கள். ஒவ்வோர் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தையும் அடுத்ததன் முதல் பக்கத்தையும் மட்டும் எடுத்து, ஆண்டுகளை மறைத்து, கதையை அறியாத ஒருவரிடம் கொடுங்கள். இரண்டுக்கும் இடையில் எத்தனை ஆண்டுகள் போயிருக்கும், என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். ஆண்டுகளில் நான்கைந்து பிசகினால் பரவாயில்லை. தலைப்பில் எண் போட்டுக்கொள்ளலாம். என்ன நடந்தது என்பதை அவரால் ஊகிக்கவே முடியவில்லை என்றால் முதல் பக்கத்தில் தடயம் குறைவு. ஊகிக்க ஆசையே வரவில்லை என்றால் பிழை முந்தைய அத்தியாயத்தில் இருக்கிறது. அங்கே போய்க் கடைசி இரண்டு பத்திகளை வெட்டிவிட்டு மறுபடியும் படிக்கக் கொடுங்கள்.